1/x கணக்கு எந்த வரியில் உடைகிறது?

பொறியியல் முதலாம் ஆண்டுக்குக் கணக்கு நடத்துபவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி இது. f(x) = 1/x என்ற சார்பின் வகைக்கெழுவை வரையறையிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்கிறோம். பலருக்கு விடை வருவதில்லை. “கால்குலஸே புரியல சார்” என்கிறார்கள். நாமும் அதை நம்பி, எல்லை என்றால் என்ன என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம்.

அதே கணக்கை வரிவரியாக எழுதிப் பார்த்தால் கதை வேறு.

```
[ 1/(x+h) − 1/x ] ÷ h
= [ x − (x+h) ] / [ x(x+h) ] ÷ h
= −h / [ x(x+h) ] ÷ h
= −1 / [ x(x+h) ]
h → 0 எனில்:  −1/x²
```

முதல் வரியை எழுத, x இருக்கும் இடத்தில் x+h-ஐப் போடத் தெரிய வேண்டும். இரண்டாவதற்குப் பகுதிகளைப் பொதுவாக்கத் தெரிய வேண்டும். மூன்றாவதில் கழித்தல் குறியை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோக வேண்டும். நான்காவதில் ஒரு பின்னத்தை h ஆல் வகுத்துச் சுருக்க வேண்டும். கடைசி வரி ஒன்றுதான் கால்குலஸ். மேலே உள்ளவை எல்லாம் பள்ளி இயற்கணிதம். மூன்றாவது வரியில் விழுந்தவருக்கு எல்லையைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் மூன்றாவது வரி சரியாகாது.

மாணவர் எந்தத் திறனில் தடுமாறுகிறார் என்று பாடம் தொடங்குமுன் கண்டறியும் குறையறி தேர்வைத் தயாரிக்கும் வேலை இங்கே தொடங்குகிறது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து அத்தியாயத்துக்கு ஒரு கேள்வி என்று போட்டால் அது இன்னொரு பரீட்சை, அவ்வளவுதான். முதல் மாதத்தில் நடத்தப்போகும் கால்குலஸ் கணக்குகளை எடுத்து, மேலே செய்ததுபோல் உடைத்து, ஒவ்வொரு வரியும் எந்தத் திறனைக் கேட்கிறது என்று பின்னோக்கிப் போக வேண்டும். என் பட்டியலில் ஆறு திறன்கள் தேறின. மேலே சொன்ன நான்கில் கடைசியை, வகுப்பது தனி, சுருக்குவது தனி என்று இரண்டாகப் பிரித்தேன். அதோடு (x+h)² போன்றவற்றை விரித்தெழுதுவதும் சேர்ந்தது. திறனுக்கு இரண்டு கேள்வி என்று மொத்தம் பன்னிரண்டு. கால்குலேட்டர் கிடையாது, நேரம் அரை மணி.

நான் முதன்முதலில் எழுதிய கேள்வியே சொதப்பல். “f(x) = x + 1 எனில் f(x+h) என்ன?” கிட்டத்தட்ட எல்லோரும் x + h + 1 என்று சரியாக எழுதினார்கள். சந்தோஷப்பட்டு வகுப்பைத் தொடங்கினால், x² வந்ததும் பாதிப் பேர் f(x+h) = x² + h என்கிறார்கள். விஷயம் எளிது. f(x+h) என்றால் f(x)-உடன் h-ஐக் கூட்டுவது என்று நினைப்பவருக்கும் x + 1 + h தான் வரும். தவறான வழியும் சரியான விடைக்கே கொண்டுபோய் விடும் கேள்வி அது. x + 1-ஐ 3x + 1 என்று மாற்றினால் போதும். சரியாகச் செய்தவருக்கு 3x + 3h + 1, கூட்டியவருக்கு 3x + 1 + h. இருவரும் பிரிந்துவிடுகிறார்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 1/(x+h) − 1/x என்ன என்று கேட்டால், சிலர் 1/h என்கிறார்கள். அதற்கு இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். 1/(x+h) என்பதை 1/x + 1/h என்று பிரித்து, 1/x-ஐக் கழித்திருக்கலாம். அல்லது மேலே இருக்கும் 1-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, கீழே x+h-இலிருந்து x-ஐக் கழித்திருக்கலாம். நோய் இரண்டு, அறிகுறி ஒன்று. முதலாமவருக்குப் பின்னத்தைப் பிரிக்கும் விதி தெரியவில்லை. மற்றவருக்குப் பகுதியைப் பொதுவாக்கும் வழக்கமே இல்லை.

தீர்வு, எண்ணை மாற்றுவதில் இருக்கிறது. 3/(x+h) − 1/x என்று கேளுங்கள்.

சரியான விடை (2x − h) / [x(x+h)]. கழித்தல் குறியில் தவறியவருக்கு மேலே 2x + h வரும். பின்னத்தைப் பிரித்தவருக்கு 2/x + 3/h. மேலே மேலேயும் கீழே கீழேயும் கழித்தவருக்கு 2/h. நான்கு விடைகளும் நான்கு விதம். இவற்றையே கொள்குறி வினாவின் நான்கு தெரிவுகளாக வைத்தால், மாணவர் எதை வட்டமிட்டார் என்பதே அவர் எப்படிச் செய்தார் என்று சொல்லிவிடும். 3-க்குப் பதில் 2 போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. குறித்தவறு செய்தவருக்கு மேலே x + h வந்து, கீழே உள்ள x + h-உடன் அடிபட்டு வெறும் 1/x மிஞ்சுகிறது. அதைத் தெரிவுகளில் காணாதவர் ஏதோ தவறு என்று உஷாராகித் திருத்திக்கொள்வார்.

தவறான தெரிவுகளை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. முதல் ஆண்டு தெரிவுகளே இல்லாமல் கேட்டு, வந்த தவறுகளைச் சேகரித்து, “இது எப்படி வந்தது?” என்று சிலரிடமாவது உட்கார்ந்து கேட்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரிலின் கார்ல்சனும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கி 2010-இல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட முன்-கால்குலஸ் தேர்விலும் மாணவர்களை நேர்காணல் செய்துதான் தெரிவுகளை அமைத்தார்கள்.

திறனுக்கு ஏன் இரண்டு கேள்வி? ஒரு தவறு கைத்தவறாகவும் இருக்கலாம். ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் சிறுவர்களின் கழித்தல் கணக்குகளை ஆராய்ந்து, பல தவறுகள் கண்டபடி வருபவை அல்ல, ஒரு பிழையான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். பிழையான விதி என்றால் அது இரண்டாவது கேள்வியிலும் தலைகாட்டும். குருட்டாம்போக்கில் குறிப்பவர், நான்கு தெரிவுகளில் ஒரு குறிப்பிட்ட தவறை இரண்டு முறையும் தொட வாய்ப்பு 16-இல் 1 தான். “தெரியவில்லை” என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் வைத்து, மதிப்பெண் கணக்கில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஊகிப்பவர்கள் இன்னும் குறைவார்கள்.

இப்போது இரண்டு விடைத்தாள்கள். இரண்டிலும் 12-க்கு 8. முதல் தாளில் பின்னக் கேள்விகள் இரண்டும், சுருக்கும் கேள்விகள் இரண்டும் தவறு, மற்றவை சுத்தம். இரண்டாவது தாளில் நான்கு திறன்களில் ஒவ்வொரு கேள்வி மட்டும் தவறு, அதுவும் வேறுவேறு விதமாக. முதலாமவருக்குப் பின்னங்களில் இரண்டு தனி வகுப்பு வேண்டும். மற்றவருக்குப் பாடம் தேவையில்லை, அவசரத்தைக் குறைத்தால் போதும். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து “எட்டுக்குக் கீழே எல்லோரும் சிறப்பு வகுப்புக்கு வாருங்கள்” என்றால் இருவருமே தப்பிவிடுவார்கள்.

கேள்விகளையும் சோதிக்க வேண்டும். யாருமே தொடாத தெரிவு இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாம். மற்றதையெல்லாம் சரியாகச் செய்தவர்கள் ஒரு கேள்வியில் மட்டும் கூட்டமாகத் தவறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் விடைக்குறிப்பை. எனக்கு ஒரு முறை நேர்ந்தது.

இந்த முறைக்கு ஓர் ஓட்டையும் உண்டு. கெட்டிக்கார மாணவி ஒருத்தி இயற்கணிதமே செய்யாமல் x = 1, h = 1 என்று போட்டுப் பார்த்தாள். 3/2 − 1 என்றால் 1/2. தெரிவுகளிலும் அதையே போட்டால் முறையே 1/2, 3/2, 5, 2 வருகிறது. முதலாவதை வட்டமிட்டுவிட்டாள். பாராட்டத் தோன்றியது, ஆனால் அவளுக்குப் பகுதியைப் பொதுவாக்கத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாமலே போனது.

அதனால் இப்போது பதின்மூன்றாவதாக ஒரு கேள்வி, தெரிவுகள் இல்லாமல், எழுதிக் காட்டும்படி: [1/(x+h) − 1/x] ÷ h என்பதைச் சுருக்குக. வகைக்கெழு என்ற சொல்லே அதில் வராது. தனித்தனியாகப் பன்னிரண்டும் சரியாகச் செய்துவிட்டு இங்கே நிற்பவர்களும் இருக்கிறார்கள். −h / [x(x+h)] வரை வந்துவிட்டு, அடுத்த வரியில் h-ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கி −h² / [x(x+h)] என்று எழுதியிருப்பார்கள். வகுக்கத் தெரியாதவர்கள் அல்ல. கணக்கு நீண்டதும் முதல் வரியில் இருந்த ÷ குறி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இவர்கள் தாளில் நான் மதிப்பெண் போடுவதில்லை, பேனா வழுக்கிய வரியின் எண்ணை மட்டும் ஓரத்தில் எழுதிவைக்கிறேன்.