செக் போட்ட பணத்தை எப்போது எடுக்கலாம்?

வங்கியில் கிளியரிங், அதாவது செக்குக்கு எதிர் வங்கியிடமிருந்து பணம் வாங்கும் வேலை பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் சண்டை இது: "நேற்றே கணக்கில் பணம் ஏறிவிட்டது, மெசேஜும் வந்தது, இன்றைக்கு எதுக்கு சார் திரும்ப எடுத்தீங்க?" கோபம் நியாயமானதுதான். ஆனால் ஏறிய தொகை அதுவரை தற்காலிக வரவு. செக் கொடுத்தவரின் வங்கி "சரி, கொடுக்கிறேன்" என்று சொல்லும்வரை நம் வங்கி நம்மை நம்பி எழுதி வைத்திருக்கும் கணக்கு, அவ்வளவுதான்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஒருவர் கணக்கில் 5,000 இருக்கிறது. திங்கள் மாலை 80,000க்கு ஒரு செக்கைப் பெட்டியில் போடுகிறார். அன்றைய கட்-ஆஃப் நேரம் தாண்டிவிட்டது, அதனால் வங்கிக்கு அது செவ்வாய்க்கிழமை செக். "போட்டு ரெண்டு நாளாச்சே" என்று நாம் எண்ணுவதும் வங்கி எண்ணுவதும் ஒத்துப்போகாததற்குப் பாதி காரணம் இதுதான், மீதிக் காரணம் விடுமுறை நாள். செவ்வாயன்று செக்கின் படம் எதிர் வங்கிக்கு, அதாவது செக் கொடுத்தவரின் வங்கிக்குப் போகிறது. புதன் காலை கணக்கில் 85,000 என்று காட்டுகிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மொத்த பேலன்ஸ் 85,000, ஆனால் எடுக்கக்கூடிய பேலன்ஸ், அதாவது அவைலபிள் பேலன்ஸ், 5,000 மட்டுமே என்று இருந்தால் வங்கி அந்த 80,000ஐ நிறுத்தி வைத்திருக்கிறது என்று அர்த்தம். புதிய கணக்கு, வழக்கத்துக்கு மீறிய பெரிய தொகை, அந்தக் கணக்கில் ஏற்கெனவே செக் திரும்பியிருப்பது, இப்படிப்பட்ட நேரங்களில் நிறுத்தி வைப்பது நீளும். எரிச்சலாக இருக்கும், ஆனால் உண்மையில் அது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஏன் என்று பாருங்கள். நம் ஆள் பழைய வாடிக்கையாளர், அதனால் வங்கி முன்கூட்டியே பணத்தை விடுவித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் புதனன்றே 60,000ஐ சரக்கு வாங்கிய இடத்துக்கு அனுப்பிவிடுகிறார், மீதி 25,000. வியாழனன்று செக் "போதிய பணம் இல்லை" என்று திரும்புகிறது. வங்கி 80,000ஐக் கழிக்க, கணக்கு 55,000 மைனஸில் நிற்கிறது. அதற்கு மேல் செக் ரிட்டர்ன் கட்டணம், மைனஸில் நிற்கும் தொகைக்கு வட்டி. வெள்ளிக்கிழமை கடன் தவணை கழிய வேண்டும், கழியாது. அதற்கு வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் தனியாக அபராதம் போடும். ஒரே செக், நாலு இடத்தில் செலவு. நிறுத்தி வைத்திருந்தால் ரிட்டர்ன் கட்டணத்தோடு முடிந்திருக்கும்.

அந்தக் கட்டணம் ஏன் எனக்கு, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்பார்கள். பொதுவாக இரண்டு பக்கமும் கட்டணம் உண்டு. செக் எழுதியவரிடம் அவர் வங்கி கூடுதலாக வாங்கும், போட்டவரிடம் அவர் வங்கி கொஞ்சம் குறைவாக வாங்கும். அதைச் செக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது உங்கள் பாடு. ஆனால் திரும்பிய செக்கோடு வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவில் எழுதியிருக்கும் காரணத்தை முதலில் படியுங்கள். படம் தெளிவில்லை என்பது போல வங்கியின் குறையால் திரும்பியிருந்தால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்தியாவில் வாடிக்கையாளர் மேல் தவறு இருந்தால் மட்டுமே இந்தக் கட்டணம் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

மறுபடி போடுவதையும் அந்தக் காரணத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். பணம் இல்லை என்று வந்தால், எழுதியவரிடம் பேசி, பணம் போட்டுவிட்டார் என்று உறுதியான பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு கட்டணம். கையெழுத்து பொருந்தவில்லை, எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை என்றால் புது செக்தான் வாங்க வேண்டும். "கணக்கு மூடப்பட்டது" என்று வந்தால் மறுபடி போடவே வேண்டாம், அது வேறு பிரச்சினை.

எத்தனை நாள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் வேலை நாளில் போட்ட செக்குக்கு அடுத்த வேலை நாள் இரவு 11.59க்குள் பணத்தை எடுக்கலாம். இந்தியாவில் 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் நாள் முழுக்கத் தொடர்ச்சியாக அனுப்பப்படுகின்றன, எதிர் வங்கி அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வங்கி பணத்தை விடுவிக்கச் சட்டமே சொல்கிறது, ஆனால் விடுவித்த பிறகும் செக் திரும்பலாம், அப்போது பொறுப்பு போட்டவருடையது. மோசடிக்காரர்கள் புகுந்துகொள்வது இந்த இடைவெளியில்தான். கேட்டதைவிடப் பெரிய தொகைக்குச் செக் அனுப்பி, "தவறிப்போய் அதிகமாக எழுதிவிட்டேன், மீதியை இன்றைக்கே அனுப்புங்கள்" என்பார்கள். நீங்கள் அனுப்பியது உண்மையான பணம், அவர்கள் கொடுத்தது போலிச் செக், அது தெரியவர சில சமயம் வாரங்கள்கூட ஆகும். இப்படி யாராவது கேட்டால் கிளையில் "இந்தச் செக் பாஸ் ஆகிவிட்டதா, இனி திரும்ப வாய்ப்பு உண்டா?" என்று கேளுங்கள். "பணம் ஏறிவிட்டதா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.