தட்டின கடையில் உங்கள் சிப்பை யாரும் காப்பி அடிக்கவில்லை

நான் வங்கியில் கார்டு மோசடிப் புகார்களை விசாரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். போன வாரம் கார்டிலிருந்து பணம் திருடுபோன ஒரு வாடிக்கையாளர் என்னிடம் வருவதற்கு முன்பே தேக்காவில் தான் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்குப் போய், கல்லாவில் நின்ற பையனிடம் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். "தம்பி, அங்கதான் கார்டைத் தட்டினேன், அங்கதான் சிப்பைக் காப்பி அடிச்சிருக்கான், எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் அவர் முதல் ஆள் இல்லை, ஆனால் ஒரு பாவமும் அறியாத பையன் திட்டு வாங்கியது இந்த முறை எனக்கு ரொம்பவே வலித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிப்பைச் செருகினாலும் சரி, தட்டினாலும் சரி, கடையின் டெர்மினலுக்குக் கிடைப்பதை வைத்து உங்கள் சிப்பை இன்னொரு கார்டில் உருவாக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ என்ன சொன்னாலும் முடியாது.

ஏன் என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். நீங்கள் 48 வெள்ளி 60 காசுக்குச் சாமான் வாங்குகிறீர்கள். டெர்மினல் சிப்பிடம் தொகையையும், தேதியையும், சிங்கப்பூர் வெள்ளிக்கான 702 என்ற நாணயக் குறியீட்டையும், அந்த நொடியில் தானே குலுக்கி எடுத்த ஒரு எண்ணையும் கொடுக்கிறது. சிப்புக்குள் ஒரு எண்ணி இருக்கிறது, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது ஒன்று ஏறும். இப்போது 211இலிருந்து 212 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவியும் இருக்கிறது, அது எந்த டெர்மினலுக்கும் வெளியே வராது. அந்தச் சாவியையும் 212ஐயும் சேர்த்து இந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் ஒரு தற்காலிகச் சாவியைச் செய்து, மேலே சொன்ன விவரங்களையெல்லாம் அதில் போட்டுக் கணக்கிட்டு, எட்டு பைட்டில் ஒரு விடையைத் தருகிறது. அதைத்தான் நாங்கள் கிரிப்டோகிராம் என்கிறோம். அதே சாவியை வங்கியும் தன் பக்கம் உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதால், அதே கணக்கைப் போட்டுப் பார்த்து விடை ஒத்துப்போனால்தான் சரி என்கிறது.

திருடன் இந்தப் பேச்சு முழுவதையும் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துகொண்டான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் கையில் இருப்பது 212ஆம் பரிவர்த்தனைக்கான, 48.60 வெள்ளிக்கான, அந்தக் குலுக்கல் எண்ணுக்கான விடை. அடுத்த கடையில் டெர்மினல் வேறு எண்ணைக் கொடுக்கும், தொகையும் வேறாக இருக்கும், 212 ஏற்கெனவே வந்துவிட்டது என்பது வங்கிக்கும் தெரியும். புது விடையைக் கணக்கிட அவனிடம் சாவி இல்லை. தட்டும்போதும் இதே கதைதான், அதனால் தயவுசெய்து கார்டை அலுமினியத் தாளில் சுற்றி வைக்காதீர்கள்.

"அப்போ என் பணம் எப்படிப் போச்சு?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடை கார்டின் பின்பக்கம் இருக்கும் கறுப்புக் காந்தப் பட்டையில் இருந்தது. பட்டை எதையும் கணக்கிடாது. கார்டு எண், காலாவதித் தேதி, ஒரு சேவைக் குறியீடு, ஒரு மூன்றிலக்கச் சரிபார்ப்பு எண் என்று அதில் எழுதியிருப்பது என்றைக்கும் மாறாது. யார் படித்தாலும் அதே தகவல்தான், அதை ஒரு வெற்று அட்டையில் அப்படியே எழுதிவிடலாம். சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவில் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு பெட்ரோல் பம்பில் கார்டை இழுத்திருக்கிறார். அங்கே பட்டையைப் படிக்கும் திருட்டுக் கருவி இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் பதிவில் நான் பார்த்த மூன்று முயற்சிகளும் அந்த நாட்டிலிருந்துதான் வந்தன.

முதல் முயற்சி சிப் டெர்மினலில். பட்டையில் இருந்த சேவைக் குறியீடு 201. முதல் இலக்கம் 2 என்றால் இந்தக் கார்டில் சிப் இருக்கிறது என்று அர்த்தம், அதனால் டெர்மினல் கார்டைச் செருகச் சொல்லும். வெற்று அட்டையில் வேலை செய்கிற சிப் ஏது? சிப் பழுது என்பதுபோல் காட்டிப் பட்டைக்கு இறங்கியிருக்கிறார்கள். கார்டு எப்படிப் படிக்கப்பட்டது என்று சொல்லும் நுழைவுக் குறியீடு எங்கள் திரையில் தெரியும், அப்படி இறங்கி வந்தால் அது 80, உடனே மறுத்துவிட்டோம். இரண்டாவது முயற்சியில் 201ஐ 101 என்று மாற்றி எழுதி, சிப்பே இல்லாத கார்டு போல ஏமாற்றப் பார்த்தார்கள். ஆனால் பட்டையில் உள்ள சரிபார்ப்பு எண்ணே சேவைக் குறியீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டதுதான். ஒரு இலக்கம் மாறியதும் அது பொருந்தாமல் போய் அதுவும் மறுக்கப்பட்டது. மூன்றாவதாக, சிப் படிக்கவே தெரியாத ஒரு பழைய டெர்மினலைத் தேடிப் பிடித்து 201ஓடு அப்படியே இழுத்தார்கள். 640 வெள்ளி போனது. நுழைவுக் குறியீடு 90, அதாவது வெறும் பட்டை. தேக்கா கடையில் அவர் தட்டியது பக்கத்திலேயே 07 என்று பதிவாகியிருந்தது, தட்டின சிப் அது. இரண்டையும் அவருக்குக் காட்டிய பிறகுதான் அமைதியானார். அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன். (சிப் வசதி வைக்காத கடைதான் இழப்பைத் தாங்க வேண்டும் என்பது கார்டு நிறுவனங்களின் விதி, அதனால் பணம் திரும்பி வந்துவிட்டது.)

சிப் பேசுவதை ஒட்டுக்கேட்டு அந்தத் தகவலைப் பட்டையாக எழுதினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சிப்பில் இருக்கும் சரிபார்ப்பு எண் வேறு, பட்டையில் இருப்பது வேறு, கார்டின் பின்னால் அச்சிட்டிருப்பது இன்னொன்று. சிப்பின் எண் பட்டை வழியாக வந்தால், வங்கி அதைச் சரிபார்த்தாலே திருட்டு என்று புரிந்துவிடும். சரிபார்க்காத வங்கியிடம் மட்டும்தான் அந்த வித்தை பலிக்கும்.

மூன்றாவது முயற்சி பலித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூர் வங்கிகள் வெளிநாட்டில் காந்தப் பட்டைப் பயன்பாட்டை முடக்கித்தான் கார்டைத் தருகின்றன. அவர் பயணத்துக்காக அதைத் திறந்துவிட்டு, வந்த பிறகு மூடவில்லை. செயலியில் ஒரு நிமிட வேலை! பயணத்துக்குத் திறந்தால் திரும்பி வரும் தேதியையும் அங்கேயே போடுங்கள். கடைக்காரர் பட்டையை இழுக்கப் போனால், "சிப்பில் போடுங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு, போலி இணையப் பக்கத்தில் கார்டு எண்ணையும் ஓடிபியையும் டைப் செய்து கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த ஓடிபி பல நேரம் பொருள் வாங்க வந்ததே இல்லை, உங்கள் கார்டைத் திருடனின் கைப்பேசி வாலெட்டில் சேர்க்க வந்தது. சேர்த்ததும் அந்தக் கைப்பேசிக்கென்று ஒரு மாற்று எண்ணும் சாவியும் எண்ணியும் கிடைத்துவிடும், அது தட்டும் ஒவ்வொரு முறையும் உண்மையான, புத்தம்புதிய கிரிப்டோகிராமையே தரும். வங்கியின் கணக்கில் எல்லாம் சரியாகப் பொருந்தும், எங்கள் திரையிலும் 07 என்றுதான் வரும். ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்காமல், அந்த எஸ்எம்எஸ்ஸில் மேலே எழுதியிருப்பதையும் படியுங்கள், வாலெட்டில் சேர்ப்பதாக இருந்து நீங்கள் சேர்க்கவில்லை என்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களா? கார்டை முடக்குங்கள், அதோடு நிறுத்தாமல் கார்டோடு எந்தெந்தக் கைப்பேசிகள் சேர்ந்திருக்கின்றன என்று வங்கியிடம் கேட்டு, உங்களுடையது அல்லாததை நீக்கச் சொல்லுங்கள்.