இன்டர்னல் ஆடிட்டர் இன்டர்வியூ: "மேனேஜ்மென்ட் ஒத்துக்காத ஃபைண்டிங்க எப்படி ஹேண்டில் பண்ணீங்க?"

இன்டர்னல் ஆடிட் வேலைக்கு இன்டர்வியூ போனா இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ரூபத்துல வந்தே தீரும். இன்டர்வியூ எடுக்குற பக்கம் உக்காந்து நான் அதிகம் கேட்ட பதில் ரெண்டு. ஒண்ணு, "நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன், கடைசில ஒத்துக்கிட்டாங்க". இன்னொண்ணு, "நான் என் ஸ்டாண்ட்ல உறுதியா நின்னேன், விடவே இல்ல". ரெண்டுலயும் உருப்படியா எந்த விஷயமும் இல்ல. எதை ஒத்துக்கல, என்ன எவிடன்ஸ் காட்டுனாங்க, அதைப் பாத்துட்டு நீங்க உங்க வொர்க்கிங் பேப்பர்ல என்ன மாத்துனீங்க, இதுதான் எங்களுக்குத் தெரியணும்.

மேனேஜ்மென்ட் "ஒத்துக்க மாட்டோம்"னு சொல்றப்ப அதுக்குள்ள மூணு தனித்தனி சண்டை கலந்து கிடக்கும். நீங்க சொல்ற ஃபேக்ட்டே தப்புன்னு ஒண்ணு, ஃபேக்ட் சரி ஆனா ரேட்டிங் ஓவர்னு ஒண்ணு, ரெண்டும் சரி ஆனா நீங்க சொல்ற தீர்வு நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு ஒண்ணு. எக்ஸிட் மீட்டிங்ல மூணும் ஒரே குரல்ல, சூடா வரும், அதைப் பிரிக்கத் தெரியாதவங்கதான் திணறிப்போறாங்க. ஃபேக்ட் சண்டைய எவிடன்ஸ் வச்சு முடிக்கணும், அதுல ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் ரிப்போர்ட் வெளிய போகக்கூடாது. ரேட்டிங்குக்கு ஆடிட் மேனுவல்ல மேட்ரிக்ஸ் இருக்கும், அதை வச்சுப் பேசணும். தீர்வ பொறுத்தவரைக்கும் அவங்க இடத்த அவங்கதான் நடத்துறாங்க, அதனால ரிஸ்க்க மூடுற வேற வழி அவங்ககிட்ட இருந்தா அதைக் கேக்கணும்.

பதில் எப்படி இருக்கணும்னு காட்ட நானே ஒரு கேஸ் உருவாக்கியிருக்கேன். வெண்டரோட பேங்க் அக்கவுண்ட் விவரத்த மாத்துற கன்ட்ரோல். வெண்டர் பேர்ல போலி மெயில் அனுப்பி "எங்க அக்கவுண்ட் மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்க"ன்னு பணத்தத் திருப்புற மோசடி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்காகத்தான் மாத்துறதுக்கு முன்னாடி வெண்டருக்கு போன் பண்ணி உறுதி பண்ணணும்னு ரூல் இருக்கு.

"சார், அந்த வருஷம் வெண்டர் மாஸ்டர்ல 312 பேங்க் விவர மாற்றம் நடந்திருந்துச்சு. நான் 40 சாம்பிள் எடுத்தேன். அதுல 11-க்கு வெண்டர்கிட்ட போன்ல உறுதி பண்ணதுக்கான ஆதாரமே இல்ல. டிராஃப்ட்ல ஹை ரேட்டிங் போட்டு அனுப்பினேன். அக்கவுண்ட்ஸ் பேயபிள் ஹெட் கடுமையா எதிர்த்தாங்க. நாங்க எல்லாருக்கும் போன் பண்ணினோம், எழுதி வைக்கல அவ்வளவுதான், ஒரு பைசா நஷ்டம் ஆகல, இதுக்குப் போய் ஹையான்னு கேட்டாங்க. நான் அந்த மீட்டிங்ல ரேட்டிங் பத்திப் பேசவே இல்ல. முதல்ல 11-ஐயும் தீத்துக்கலாம், போன் பண்ணினதுக்கு எந்த வடிவத்துல ஆதாரம் இருந்தாலும் ஒரு வாரத்துக்குள்ள குடுங்க, நான் பாக்குறேன்னு சொல்லி, அதை அன்னைக்கே மெயில்லயும் போட்டேன்.

"ஆபீஸ் போனோட கால் லாக் எடுத்து 4 கேஸுக்கு குடுத்தாங்க. கால் போன தேதி சிஸ்டத்துல மாத்துறதுக்கு முன்னாடியான்னு பாத்தேன், நாலுமே முன்னாடிதான். அப்புறம் எந்த நம்பருக்குப் போச்சுன்னு பாத்தேன். 3 கால் மாஸ்டர்ல ஏற்கனவே இருந்த பழைய நம்பருக்குப் போயிருந்துச்சு, அந்த மூணையும் ஃபைண்டிங்ல இருந்து எடுத்துட்டேன். நாலாவது கால், மாத்தச் சொல்லி வந்த மெயில்லயே குடுத்திருந்த நம்பருக்குப் போயிருந்துச்சு. மெயில் போலியா இருந்தா அந்த நம்பரும் அவனுதுதானே, அதனால அந்த கால கன்ட்ரோலா எடுத்துக்க முடியாதுன்னு விளக்கினேன், அவங்களுக்கும் அது புரிஞ்சுது. அப்பதான் நான் பாஸ் போட்ட 29-லயும் இந்தக் கேள்விய நான் கேக்கலன்னு தெரிஞ்சுது, ஃபார்ம்ல 'உறுதி செய்யப்பட்டது' டிக் இருந்ததுன்னு விட்டிருந்தேன். எல்லாத்தையும் கால் லாக்கோட திரும்ப ஒத்துப் பாத்தேன், 5 கேஸ்ல மெயில்ல இருந்த நம்பருக்கே போன் பண்ணியிருந்தாங்க. ஆக ஆதாரமே இல்லாதது 7, தப்பான நம்பருக்குப் போனது 6, மொத்தம் 13.

"ரிப்போர்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே அந்த 13 வெண்டரையும் பழைய நம்பர்ல கூப்பிட்டு உறுதி பண்ணச் சொன்னோம். அவங்க கால் பண்ணாங்க, நான் கூட இருந்து பாத்தேன். 13-உம் உண்மையான அக்கவுண்ட்தான். அதை ரிப்போர்ட்ல தெளிவா எழுதினேன். காரணத்தையும் மாத்தி எழுதினேன். முதல் டிராஃப்ட்ல ஸ்டாஃப் ரூல ஃபாலோ பண்ணலன்னு இருந்துச்சு, ஆனா அந்த ஃபார்ம்ல எந்த நம்பருக்கு கூப்பிடணும்னும் சொல்லல, கூப்பிட்ட நம்பர எழுத இடமும் இல்ல, அதனால குறை முறைலயேதான் இருக்குன்னு திருத்தினேன்.

"ரேட்டிங்ல மட்டும் ஒத்துப்போகல. மாசா மாசம் வெண்டர் ஸ்டேட்மென்ட்ட ரீகன்சைல் பண்றோம், அது பிடிச்சுடும்னாங்க. நான் அதை டெஸ்ட் பண்ணேன், ஒழுங்காதான் நடக்குது, ஆனா பணம் போன பிறகுதான் அது பிடிக்கும். நஷ்டம் வரலங்கிறது நடந்தது, ரேட்டிங் இனி நடக்கக்கூடியதுக்கு, மேட்ரிக்ஸ்படி ஹைதான் வந்துச்சு. ரெண்டு பக்க நியாயத்தையும் ஒரே பக்கத்துல எழுதி எங்க ஆடிட் ஹெட்கிட்ட குடுத்தேன், அவரு சிஎஃப்ஓகிட்ட பேசினாரு, அப்பவும் முடியல. ஃபைண்டிங்குக்குக் கீழயே அவங்க மறுப்ப அவங்க வார்த்தையிலயே போட்டு ஆடிட் கமிட்டிக்குப் போச்சு. கமிட்டி ரெண்டையும் கேட்டுது, ரேட்டிங் அப்படியே நின்னுச்சு.

"தீர்வுல நான் இறங்கி வந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரெண்டு பேர் தனித்தனியா கால் பண்ணணும்னு நான் கேட்டிருந்தேன், சின்ன டீம், முடியாதுன்னாங்க. அவங்க சொன்ன வழி: ஃபார்ம்ல கூப்பிட்ட நம்பர், தேதி, நேரம், பேசினவர் பேர் எழுதணும், நம்பர் பழைய மாஸ்டர் ரெக்கார்டுல இருந்துதான் எடுக்கணும், கால் பண்ணாத வேற ஒருத்தர் அதைச் சரிபாத்த பிறகுதான் முதல் பேமென்ட் ரிலீஸ் ஆகும். அது ரிஸ்க்க மூடுது, அதனால ஏத்துக்கிட்டேன். சாம்பிள்ல வராத 272-லயும் இப்ப பேமென்ட் ஓடுற வெண்டர்கள அவங்களே திரும்ப உறுதி பண்ண ஒத்துக்கிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு புதுசா 25 எடுத்துப் பாத்தேன், ஒண்ணுல நம்பர் காலியா இருந்துச்சு, அதனால க்ளோஸ் பண்ணல, அடுத்த ரவுண்டுல சுத்தமா வந்த பிறகுதான் க்ளோஸ் பண்ணேன்."

இவ்வளவுதான் பதில், நிதானமா சொன்னா நாலு நிமிஷத்துக்குள்ள முடியும். இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது அந்த 29-ஐ திரும்பப் பாத்த இடம். மூணு கேஸ எடுத்துட்டேன்னு சொல்ல பயப்படுறாங்க, ஏதோ தோத்துப்போன மாதிரி. எவிடன்ஸ் வந்தும் எடுக்காம வச்சிருந்தாதான் பிரச்சன, கமிட்டி முன்னாடி அந்த ஹெட் கால் லாக்க நீட்டினா மிச்ச ஃபைண்டிங்கையும் யாரும் நம்ப மாட்டாங்க. அதே சமயம் புது எவிடன்ஸ் ஒரு புது கேள்விய எழுப்பினா, அதை எதிர்த்தவங்களோட கேஸுக்கு மட்டும் கேட்டா போதாது, பாஸ் ஆன சாம்பிளுக்கும் கேக்கணும். எண்ணிக்க கூடினாலும் சரி குறைஞ்சாலும் சரி. இதைச் சொல்ற கேண்டிடேட்ட பாத்தா நான் பேனாவ எடுத்து நோட் பண்ணிடுவேன்.

இன்னொரு இடத்துல கவனமா இருங்க. 40-க்கு 13ன்னா மூணுல ஒண்ணு, அப்ப 312-ல நூறு பக்கம் தப்பு இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லிடாதீங்க. சாம்பிள நீங்க பாத்துப் பொறுக்கி எடுத்திருந்தா, அதை வச்சு மொத்தத்துக்கும் நம்பர் சொல்ல முடியாது. பேனல்ல ஒருத்தர் கண்டிப்பா "எப்படி சாம்பிள் எடுத்தீங்க"ன்னு கேப்பாரு, அதுக்கு பதில் கைவசம் இருக்கணும்.

அடுத்து வர்ற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சிஎஃப்ஓ நேரா உங்களக் கூப்பிட்டு அந்த ஃபைண்டிங்க எடுத்துடுங்கன்னா?" புது எவிடன்ஸ் இருந்தா குடுங்க, பாக்குறேன், இல்லன்னா எடுக்குற அதிகாரம் எனக்கு இல்ல, இந்தப் பேச்சு நடந்ததுன்னு எங்க ஆடிட் ஹெட்கிட்ட இன்னைக்கே சொல்லிடுவேன்னு சொல்லுங்க. நானே நேரா ஆடிட் கமிட்டிக்குப் போயிடுவேன்னு வீரமா சொல்றவங்க இருக்காங்க, அது வேண்டாம், அந்தப் பாதை ஆடிட் ஹெட் வழியாத்தான். அந்த ஹெட்டே அமுக்கப் பாத்தாருன்னா அது வேற கதை, அப்ப கம்பெனியோட விசில்ப்ளோயர் வழி இருக்கு.

அப்புறம் "ரிஸ்க்க நாங்களே அக்செப்ட் பண்ணிக்கிறோம்னு மேனேஜ்மென்ட் சொன்னா?" 2025 ஜனவரி 9-ல இருந்து நடைமுறைக்கு வந்த ஐஐஏ குளோபல் இன்டர்னல் ஆடிட் ஸ்டாண்டர்ட்ஸ்ல இதுக்கு ரெண்டு இடம் தெரிஞ்சிருந்தா போதும். பரிந்துரையிலயோ ஆக்‌ஷன் பிளான்லயோ ஒத்துப்போகலன்னா, ரெண்டு பக்கமும் தங்களோட நிலைப்பாட்டையும் காரணத்தையும் சொல்லி ஒரு முடிவுக்கு வர்றதுக்கு ஏற்கனவே வகுத்த ஒரு முறைய ஃபாலோ பண்ணணும்னு 14.4 சொல்லுது. கம்பெனி தாங்கக்கூடிய அளவுக்கு மேல ரிஸ்க்க மேனேஜ்மென்ட் ஏத்துக்கிட்டதா ஆடிட் ஹெட் முடிவுக்கு வந்தா, சீனியர் மேனேஜ்மென்ட்கிட்ட பேசணும், அப்பவும் தீரலன்னா போர்டுக்குக் கொண்டு போகணும்னு 11.5 சொல்லுது. அந்த ரிஸ்க்க தீக்குறது ஆடிட் ஹெட்டோட பொறுப்பு இல்லன்னும் அதுலயே இருக்கு. நம்பரெல்லாம் மறந்தாலும் பரவால்ல, யார் யார்கிட்ட போகணுங்கிற வரிசை மட்டும் மாறக்கூடாது.

கடைசியா, இந்தக் கேஸ அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போகாதீங்க, ரெண்டாவது கேள்வியிலயே தெரிஞ்சுடும். உங்க பழைய வொர்க்ல இருந்து மேனேஜ்மென்ட் எதிர்த்த ஒரு ஃபைண்டிங்க எடுத்து, மூணுல எது சண்டை, என்ன எவிடன்ஸ் வந்துச்சு, எது மாறுச்சு, எது மாறலன்னு எழுதிப் பாருங்க. சொல்றப்ப கம்பெனி பேர், ஆள் பேர், வெண்டர் பேர், உண்மையான தொகை எதுவும் வாயில வரக்கூடாது. எங்க முன்னாடி பழைய கம்பெனியோட ஃபைண்டிங்க பேரோட சொல்றவர, நாளைக்கு நம்ம ஃபைல்கள நம்பிக் குடுக்க முடியாதுன்னு பேனல் அங்கயே முடிவு பண்ணிடும். "ஒரு மேனுஃபேக்சரிங் கம்பெனி, பேயபிள் ஏரியா"ன்னு சொன்னாலே போதும், எங்களுக்கு மிச்சம் புரியும்.