வழக்கின் ஆண்டைக் கேட்டால் வினா கடினமாகிவிடாது

இந்தத் தவணையும் யாழ்ப்பாணத்தில் சட்டம் படிப்பிக்கும் ஒருவர், தீங்கியல் சட்ட அலகுப் பரீட்சைத் தாள் ஒன்றைப் பார்த்துத் தரச் சொன்னார். ‘கடினம்’ என்று அவர் குறித்திருந்த வினாக்கள் எல்லாம் ஒரே வகை. டொனகியு எதிர் ஸ்டீவன்சன் எந்த ஆண்டு? ரைலண்ட்ஸ் எதிர் பிளெச்சர் எந்த ஆண்டு? 1932, 1868 என்று பாடமாக்கிய பிள்ளைக்கு இவை மிக இலகு. கவனயீனம் என்றால் என்னவென்று நன்றாக விளங்கிய பிள்ளை இதே வினாக்களில் புள்ளியை இழக்கும். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் போவதில்லை. தயவுசெய்து விடுங்கள்.

பிள்ளை ஒரு படியைத் தாண்டி முடிவுக்கு ஓடக்கூடிய நிகழ்வைக் கொடுங்கள், வினா தானாகக் கடினமாகும். பார்னெட் எதிர் செல்சி மருத்துவமனை (1969) வழக்கை வைத்து இப்படி எழுதலாம்:

ஆசனிக் கலந்த தேநீரைக் குடித்த காவலாளி வாந்தியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். வைத்தியர் பார்க்காமலே அவரை வீட்டுக்கு அனுப்புகிறார். சில மணி நேரத்தில் அவர் இறக்கிறார். ஆங்கிலச் சட்டப்படி மருத்துவமனை பொறுப்பா?

(1) ஆம், கவனக் கடமை மீறப்பட்டது.
(2) இல்லை, கவனக் கடமையே இல்லை.
(3) இல்லை, மீறலால் மரணம் நேரவில்லை.
(4) இல்லை, நஞ்சு கலந்தவர் வேறொருவர்.

விடை 3. இனி ஒவ்வொரு தெரிவுக்கும் காரணம் எழுதுங்கள். 2 பிழை, ஏனெனில் அவசர சிகிச்சைக்கு வந்தவரிடம் மருத்துவமனைக்குக் கடமை உண்டு. 4 பிழை, ஏனெனில் இன்னொருவரின் குற்றம் மருத்துவமனையின் சொந்தக் கடமையை நீக்காது. 1க்கு வரும்போது, ‘உடனே பார்த்திருந்தாலும் இறந்திருப்பார்’ என்று எழுத வேண்டியிருக்கும். சரி, அது வினாவில் எங்கே இருக்கிறது? இல்லை. அப்படியானால் 1ஐத் தெரிவு செய்த பிள்ளையைப் பிழை என்று சொல்ல முடியாது. ‘உடனே பார்த்திருந்தாலும் மாற்று மருந்து உரிய நேரத்தில் கிடைத்திருக்காது என்பது சாட்சியம்’ என்ற வரியைச் சேர்த்த பிறகுதான் 3 மட்டும் சரியாகிறது. விடை இலக்கத்தை மட்டும் எழுதி வைத்தால் இந்த ஓட்டை கண்ணில் படாது.

‘ஆங்கிலச் சட்டப்படி’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் நாட்டில் இந்தத் துறையின் அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். எந்தச் சட்டம் என்று சொல்லாவிட்டால் சில வினாக்களில் விடையே மாறிவிடும்.

20 வினா என்றால் 6 இலகு, 9 நடுத்தரம், 5 கடினம் என்று வைப்பேன். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் போதாது. கடினமான ஐந்தும் கவனயீனத்திலேயே குவிந்து, தொல்லைக்கும் அவதூறுக்கும் வரைவிலக்கணம் மட்டும் கேட்கும் தாள்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். தலைப்புகளை ஒரு பக்கத்திலும் மட்டங்களை மறுபக்கத்திலும் போட்டு, வினா இலக்கங்களைக் கட்டங்களில் நிரப்பிப் பாருங்கள்.

பரீட்சை முடிந்ததும், நன்றாகச் செய்த பிள்ளைகள் பலர் ஒரே பிழையான தெரிவை எடுத்திருந்தால் அவர்களைத் திட்டாதீர்கள். அந்தத் தெரிவுக்கு நீங்கள் எழுதிய காரணத்தைத் திரும்ப வாசியுங்கள். அது நிற்காவிட்டால் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள்.