சக்தியடர்த்தி: ஒரு தட்டு வெள்ளரிப்பழமும் ஏழு கஜுவும்

வெயில் காலத்தில் மட்டக்களப்பு – கல்முனை வீதியால் போனால், ஓரத்தில் வெள்ளரிப்பழமும் வத்தகப்பழமும் குவிந்திருக்கும். தட்டு நிறையச் சாப்பிட்டாலும் கலோரி குறைவு என்பார்கள். அதற்கான காரணத்தைச் சொல்லும் சொல்தான் 'எனர்ஜி டென்சிட்டி'.

எனர்ஜி கிரேக்கச் சொல். 'எர்கோன்' என்றால் வேலை. டென்சிட்டி, அடர்ந்தது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் 'ஆற்றல் அடர்த்தி' என்பார்கள். 'கடமை ஆற்றினார்' என்கிறோம் அல்லவா, அந்த 'ஆற்று' கிரேக்க மூலத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் நம் பாடப்புத்தகங்களில் எனர்ஜி 'சக்தி' என்றே பழகிவிட்டதால், நமக்கு 'சக்தியடர்த்தி' என்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இந்த 'அடர்த்தி' ஒருவரை ஏமாற்றக்கூடும். பௌதிகத்தில் அடர்த்தி என்றால் குறித்த கனவளவுக்குள் எவ்வளவு திணிவு என்பது. உணவில் நாம் கேட்பது வேறு: ஒரு கிராம் உணவில் எத்தனை கலோரி? கொழுப்பு ஒரு கிராமில் 9, மாப்பொருளிலும் புரதத்திலும் ஏறத்தாழ 4. தண்ணீரில் 0. தண்ணீர் நிறையைக் கூட்டும், கலோரியைக் கூட்டாது. வெள்ளரியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர்தான். ஆகவே கலோரி 15 அளவில் நின்றுவிடுகிறது. வத்தகப்பழத்தில் சீனிச்சத்து சற்றுக் கூட, 30. சோற்றில் 130, கஜுவில் 550 அளவு.

400 கிராம் வெள்ளரி ஒரு பெரிய தட்டை நிரப்பும். அதன் 60 கலோரியைக் கஜுவில் எடுத்தால் ஏழெட்டுப் பருப்போடு முடிந்துவிடும். வயிறு விரிவது உணவின் அளவைக் கொண்டுதான். ஏழு கஜு தின்றவருக்குப் பசி அப்படியே இருக்கும்.

அப்படியென்றால் சோற்றோடு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தால் போதாதா? அமெரிக்க ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழு 1999இல் இதைச் சோதித்தது. ஒரே பொருட்களைக் கெட்டி உணவாகவும், கெட்டி உணவோடு தனியே தண்ணீராகவும், அதே தண்ணீரைச் சேர்த்துச் சமைத்த சூப்பாகவும் முதலில் கொடுத்தார்கள். சூப் குடித்த பெண்கள் அடுத்த சாப்பாட்டைக் குறைத்தார்கள். பக்கத்தில் தண்ணீர் வைத்தது உதவவில்லை. உணவுக்குள்ளேயே இருக்கும் தண்ணீர்தான் வேலை செய்கிறது. ஆனால் சோடா போன்ற இனிப்புப் பானங்களுக்கு இந்தக் கணக்குப் பலிப்பதில்லை: கிராமுக்குக் கலோரி குறைவு, பசியோ ஆறாது.

நம் பக்கத்தில் வெள்ளரிப்பழத்துக்குச் சீனி தூவித்தான் சாப்பிடுவோம். 300 கிராம் பழத்தில் 45 கலோரி என்று வையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஏறத்தாழ 25 கிராம், 100 கலோரியைச் சேர்க்கும். கிராமுக்கு 0.15 ஆக இருந்தது 0.45 ஆகிறது. மூன்று மடங்கு கூடினாலும், அது இன்னும் சோற்றின் 1.3இல் மூன்றில் ஒரு பங்குதான்.