போன்ல கெமரா சுத்துதுன்னு மெயின் ஸ்ட்ரீம்ல கை வைக்காதீங்க

"போன்ல எட்டு கெமராவும் ஒண்ணா பாத்தா படம் வராம சுத்திக்கிட்டே இருக்கு தம்பி, கெமரா பழுதா?" இதுக்கு பதில் சொல்லி சொல்லியே எனக்கு வாய் வலிக்குது. கேள்வி கேக்கறது பரவால்ல, ஆனா போன வாரம் ஹட்டன் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில பாத்தப்பதான் கோவமே வந்துச்சு. யாரோ தெரிஞ்ச பொடியன், சுத்துறத நிப்பாட்டுறேன்னு, ரெக்கார்ட் ஆகற பெரிய வீடியோவான மெயின் ஸ்ட்ரீம 4096 Kbpsல இருந்து 512க்கு இறக்கி வச்சிட்டு போயிருக்கான். கல்லாவுல கை வச்ச ஆள தேடி பிளேபேக் போட்டா சட்டை கலர் தெரியுது, முகம் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கட்டம் கட்டமா இருக்கு. அப்படி பதிவானத இனி யாராலயும் தெளிவாக்க முடியாது மொதலாளி.

இவ்வளவு பண்ணியும் சுத்துறது நின்னுச்சான்னா, அதுவும் இல்ல. ஏன்னா எட்டு கட்டமா பாக்கும்போது பொதுவா ஆப் எடுக்கறது சின்ன வீடியோவான சப் ஸ்ட்ரீமத்தான். அந்தக் கடையில சப் ஸ்ட்ரீம் 1280*720, 1536 Kbpsல இருந்துச்சு, எட்டு கெமராவுக்கும் சேத்து 12 Mbps. அத அவன் தொடவே இல்ல.

எல்லாரும் சொல்றது என்னன்னா, "சப் ஸ்ட்ரீம கொறைச்சா ரெக்கார்டிங் கிளாரிட்டி போயிரும்". போகாதுங்க! கெமரா ஒரே நேரத்துல ரெண்டு வீடியோ அனுப்புது. பெருசு, அதான் மெயின், கடைக்குள்ள இருக்கற வயர் வழியா ரெக்கார்டர் ஹார்ட் டிஸ்க்குக்கு போகுது, அதுக்கு இன்டர்நெட்டே தேவையில்ல, ரவுட்டர் செத்துக் கிடந்தாலும் ரெக்கார்ட் ஆகும். சின்னது, அதான் சப், போன்ல பாக்கறதுக்கு. சின்னத எவ்வளவு கொறைச்சாலும் பெருசுக்கு ஒண்ணும் ஆகாது. ரெக்கார்டிங் மெயின்லதான் ஓடுதான்னு மட்டும் ஒருக்கா பாத்துக்கங்க, சில ரெக்கார்டர்ல இடம் மிச்சம் பிடிக்கறேன்னு சப்ல ரெக்கார்ட் பண்ண விட்டிருப்பாங்க.

அடுத்தது டேட்டா பெக்கேஜ். கொழும்புல இருக்கற மகன் பெரிய பெக்கேஜ் போட்டா கடை கெமரா வேகமா வராது. படம் வெளிய போறது கடை ரவுட்டரோட அப்லோட்ல. அந்தக் கடையில ஃபோர்ஜி ரவுட்டர், காலையில நல்லாதான் இருந்துச்சு, சாயந்தரம் ஊரே போன் நோண்டுற நேரத்துல ஸ்பீட் டெஸ்ட் போட்டா டவுன்லோட் 20க்கு மேல, அப்லோட் 4 Mbps. மொதலாளி டவுன்லோட மட்டும் பாத்துட்டு "லைன் நல்லாத்தானே இருக்கு"ன்றாரு. 4ல 12 எப்படிங்க போகும்?

சந்தேகமா இருந்தா கடை வைஃபையிலயே போன போட்டு பாருங்க. அங்க ஓடி வெளிய சுத்துனா பெரும்பாலும் அப்லோட்தான். அங்கயும் சுத்துனா வைஃபை, இல்லாட்டி பழைய போன்.

நான் எட்டு கெமராவுக்கும் சப் ஸ்ட்ரீம்ல வச்சது இது:

```
Stream Type: Sub Stream
Video Encoding: H.264
Resolution: 640*360
Frame Rate: 10 fps
Max. Bitrate: 384 Kbps
I Frame Interval: 20
```

எட்டும் சேந்தா 3 Mbps, உள்ளுக்கு அடங்கிருச்சு. மெயின திரும்ப 4096க்கு ஏத்தியாச்சு. சப்புக்கு H.264 ஏன்னா பழைய போனுங்க H.265ல தடுமாறுது. கடைசி வரியத்தான் யாரும் பாக்கறதில்ல. போன்ல படம் ஆரம்பிக்க ஒரு முழு ஃபிரேம் வரணும், 10 fpsல 20ன்னா ரெண்டு செக்கனுக்கு ஒண்ணு. அதை 100ல விட்டு வச்சா பத்து செக்கன் வரைக்கும் கருப்புக் கட்டம்தான், அதையும் பஃபரிங்னு சொல்லுவாங்க.

நம்ம பக்கம் இன்னொரு தலைவலி பனி. ராவுல மிஸ்ட் எறங்கி கெமராவோட ஐஆர் வெளிச்சம் அதுல பட்டா படம் பூரா புள்ளி புள்ளியா ஆடும், Bitrate Typeல Variable போட்டிருந்தா பகல்ல கொஞ்சமா போன வீடியோ அந்நேரம் மேக்ஸ் வரைக்கும் ஏறும். அதனால பகல்ல பாத்து "சரியாயிருச்சு"ன்னு சொல்லாதீங்க, கணக்கு மேக்ஸ வச்சே போடுங்க.

இதுக்கும் எல்லை இருக்கு. அப்பா, மகன், மருமகன்னு மூணு பேரு ஒரே நேரத்துல எட்டையும் திறந்தா 9 Mbps, திரும்பவும் சுத்தும். ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு மேல வேணாம், அதுவும் நாலு நாலா பாருங்க, தயவு செஞ்சு. HD பட்டன் ஒரு கெமராவ பெருசாக்கி பாக்கும்போது மட்டும் போதும், அது மெயின எடுக்கறதால அந்த ஒண்ணுக்கே 4 Mbps வேணும், சாயந்தரத்துல அதுவும் இழுக்கும். முகம் பாக்கணும்னா கடைக்கு வந்து ரெக்கார்டர்லயே பாருங்க.

அப்புறம், அட்மின் பாஸ்வேர்ட வீட்டுல எல்லாருக்கும் குடுக்கறத நிப்பாட்டுங்க. லைவ் பாக்க மட்டும் தனி யூசர் ஒண்ணு போட்டு குடுத்தா எந்தப் பொடியனும் செட்டிங்குள்ள போக மாட்டான்.