கட்டத்துக்குள் இல்லாத எள்

தென் கொரியாவில் வேலை செய்யும் என் அண்ணன் எங்கள் ஊரான கல்லடிக்கு வர இரண்டு கிழமை இருந்தபோது கடையில் நின்றபடி ஒரு படம் அனுப்பினார். தட்டில் அடுக்கியிருந்த சிவப்பு நூடில்ஸ் பொதியின் முன்பக்கம். “தங்கச்சி, இது மருமகனுக்குச் சரிவருமா?” என்று கேட்டிருந்தார். என் மகனுக்கு எள் ஆகாது. நாலு வயதில் பாதி எள்ளுருண்டை சாப்பிட்டுப் பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்ப் போத்தலும் கிடையாது. செக்கெண்ணெயில் எள்ளின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான்.

முன்பக்கப் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒரே பெயர், ஒரே படம் போட்ட நூடில்ஸை உள்நாட்டுக்கு ஒரு கலவையிலும் ஏற்றுமதிக்கு வேறொரு கலவையிலும் செய்வது வழக்கம். இறைச்சி இறக்குமதிக்குத் தடை உள்ள நாட்டுக்கு இறைச்சி இல்லாத சுவைத்தூள் போகும்; முஸ்லிம் நாடுகளுக்கு ஹலால் கலவை போகும். இணையத்தில் பெயரைத் தேடி ஆங்கிலப் பட்டியல் ஒன்றைக் கண்டுபிடித்தாலும், அது அண்ணன் கையில் இருக்கும் பொதியின் பட்டியல் என்று நம்ப இடமில்லை. ஆகவே பார்கோடையும் பின்பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன்.

பார்கோடின் கீழே பதின்மூன்று இலக்கங்கள் இருக்கும். 880 என்று தொடங்கினால் அந்த எண் கொரியாவில் பதிவான நிறுவனத்துடையது. இலங்கைக்கு 479, இந்தியாவுக்கு 890. எண் எங்கே பதிவானது என்பதை மட்டுமே இது சொல்லும். பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது. கடைசி இலக்கம் மற்றப் பன்னிரண்டையும் காவல் காக்கிறது. படம் மங்கலாக இருந்து ஓர் இலக்கத்தில் சந்தேகம் வந்தால், முதல் பன்னிரண்டு இலக்கங்களில், இடமிருந்து எண்ணி ஒற்றை இடங்களில் உள்ளவற்றை அப்படியே கூட்டுங்கள். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். விளக்கத்துக்காக நான் அமைத்த எண் இது:

```
8801234567893
8+0+2+4+6+8 = 28
(8+1+3+5+7+9) × 3 = 99
28 + 99 = 127
130 − 127 = 3
```

கடைசி இலக்கமும் 3, எனவே சரி. நடுவிலுள்ள 5-ஐ 6 என்று வாசித்திருந்தால் மொத்தம் 130 ஆகி, கடைசியில் 0 வர வேண்டியிருக்கும். பிழை உடனே பிடிபடும். தனி ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இந்தக் கணக்கு ஒருபோதும் தப்பவிடாது. ஆனால் அடுத்தடுத்த 1-உம் 6-உம் இடம் மாறினால் ஏமாந்துவிடும். ஐந்து வித்தியாசமுள்ள எந்தச் சோடிக்கும் அப்படித்தான்.

அந்த எண்ணைத் தன்னார்வலர்கள் நிரப்பும் திறந்த தரவுத்தளங்களில் தேடலாம். கிடைத்தால் இன்ன பொருள் என்பது உறுதியாகும். ஆனால் யாரோ முன்னொரு காலத்தில் படமெடுத்துப் போட்ட பட்டியல் அது; எண் மாறாமலே கலவை மாறியிருக்கலாம். பிள்ளையின் வாய்க்குப் போவதை முடிவுசெய்ய, அந்தப் பொதியிலேயே அச்சிட்டதுதான் வேண்டும்.

அண்ணன் அனுப்பிய முதல் பின்பக்கப் படத்தில் பாதி வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. மற்றப் பாதியை மொழிபெயர்ப்புச் செயலியில் கொடுத்தேன். எள் வரவில்லை, “நண்டு” வந்தது. அதை நம்பியிருந்தால் பெரிய ஆபத்தாகியிருக்கும். கொரிய எழுத்தில் இரண்டு மூன்று சிறு எழுத்துகள் சேர்ந்து ஒரு கட்டியாக நிற்கும். எள் என்பது 참깨. நண்டு என்பது 게. இந்த 깨-ஐயும் 게-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இடப்பக்க வளைவு இரண்டா ஒன்றா, வலப்பக்கச் சிறுகோடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் வேறுபாடு. படம் மங்கினால் அந்த வளைவுகள் ஒட்டிக்கொள்ளும். செயலியோ தெரியவில்லை என்று சொல்லாது. கிடைத்த கோடுகளுக்கு மிகப் பொருத்தமான சொல்லை ஊகித்து, தெளிவான தமிழில் எழுதிக் காட்டிவிடும்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் இந்த மங்கல் இன்னும் கூடும். பொதியை மேசையில் வைத்து உள்ளங்கையால் தட்டையாக இழுத்துப் பிடித்து, பிளாஷ் போடாமல், பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி, பட்டியலை இரண்டு மூன்று துண்டாக எடுத்து, படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னேன். அன்றிரவு வந்த படங்களில் சிறு கோடுகள்கூடத் தெரிந்தன.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொரியப் பொதிகளில் சேர்மானப் பட்டியலுக்கு அருகே வேறு பின்னணி நிறத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். கோதுமை, சோயா, பால், முட்டை, நிலக்கடலை, இறால் என்று பெயர்கள் வந்து, 함유 என்று முடியும். இவை அடங்கியுள்ளன என்பது பொருள். ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது வழக்கம். அண்ணனின் பொதியில் அந்தக் கட்டத்தில் எள் இல்லை.

ஆனால் கட்டத்தில் எதைப் போட வேண்டும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் தீர்மானிக்கிறது. கொரியாவின் பட்டியலில் பீச் பழமும் தக்காளியும் பன்றி இறைச்சியும் இருக்கின்றன, எள் இல்லை. கஜுவும் இல்லை. மீன்களில் கானாங்கெளுத்தி மட்டும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் எள் உண்டு. அமெரிக்காவில் 2023 முதல் உண்டு. ஆகவே கொரியப் பொதியின் கட்டத்தில் எள் இல்லாதது, உள்ளே எள் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அதே தொழிற்சாலையில் வேறு பொருட்களும் கையாளப்படுகின்றன என்ற எச்சரிக்கை வரியும் அந்தப் பட்டியலிலுள்ளவற்றுக்குத்தான் கட்டாயம்.

எனவே முழுச் சேர்மானப் பட்டியலையும் வாசிக்க வேண்டும். நூடில்ஸில் மாவுக்கு ஒரு வரிசை, சுவைத்தூளுக்கு இன்னொரு வரிசை என்று பிரித்திருப்பார்கள். நான் தேடியது இரண்டாவதில். 참깨 என்றால் எள், 참기름 என்றால் நல்லெண்ணெய். 들깨 என்று வந்தால் அது வேறு செடி, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. செயலி சில வேளை அதையும் “காட்டு எள்” என்று மொழிபெயர்க்கும். அண்ணனின் நூடில்ஸில், காய்ந்த வெங்காயத்தாளுக்கு அடுத்ததாகவே 참깨 இருந்தது. “வேண்டாம் அண்ணா” என்று எழுதினேன்.

மறுநாள் ஒரு பிஸ்கட் பொதியின் படங்கள் வந்தன. கட்டத்திலும் எள் இல்லை, பட்டியலிலும் இல்லை. ஆனால் “சுவையூட்டித் தூள்” என்று ஒரு சொல், பிரிக்கப்படாமல் தனியாக நின்றது. பல பொருள் சேர்ந்த ஒரு கலவை, மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அதன் பெயரை மட்டும் போட்டுவிட்டு உள்ளே இருப்பவற்றை விவரிக்காமல் விடக் கொரிய விதி இடம் கொடுக்கிறது. கட்டாயப் பட்டியலில் உள்ளவை அந்தத் தூளுக்குள் இருந்தால் கட்டத்தில் வந்தே தீர வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லாததால், எங்கும் பெயர் வெளிவராமல் உள்ளே இருக்க முடியும்.

இதைப் படத்திலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பொதியின் ஓரத்தில் வாடிக்கையாளர் தொலைபேசி எண் இருந்தது. பொதியை அண்ணன் தன்னோடு வேலை செய்யும் கொரியர் ஒருவரிடம் கொடுத்து, “இந்தத் தூளில் எள்ளோ நல்லெண்ணெயோ இருக்கிறதா, இதே இயந்திரத்தில் எள் பிஸ்கட்டும் ஓடுகிறதா?” என்று இரண்டு கேள்விகளையும் கேட்கச் சொன்னார். அவர் மதிய இடைவேளையில் பார்கோட் எண்ணை வாசித்துக் காட்டி விசாரித்தார். தூளில் எள் இல்லையாம். அதே இயந்திரத்தில் எள் தூவிய பிஸ்கட்டும் செய்கிறார்களாம்.

அண்ணன் அந்தப் பிஸ்கட்டைத் தன் அறையில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார். மகனுக்கு வண்ணப் பென்சில் பெட்டி வந்தது.